தொண்ணூறு நாள் கணக்கு: முதன்முறையாகக் கிளை மேலாளர் ஆகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புதிய கிளை மேலாளர்களுக்கு,

இந்த ஆண்டுப் பணிமாற்றப் பட்டியலில் பெயர் வந்து, முதன்முறையாக ஒரு வங்கிக் கிளைக்குப் பொறுப்பேற்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் இதுவரை கடன் பிரிவு அதிகாரியாகவோ துணை மேலாளராகவோ இருந்தவர்கள். கணக்கும் விதியும் உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று மாதத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். மண்டல அலுவலகத்தில் இருந்த காலத்தில் கிளைகளின் ஆய்வறிக்கைகளைப் படிப்பது என் வேலை. சறுக்கிய கிளை ஒன்றின் கதையைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே போனால், புதிய மேலாளர் வந்த முதல் காலாண்டில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றில், யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் அது பல நேரம் போய் முடியும்.

மூன்று மாதம் என்பதற்கு நம் தொழிலில் தனி அர்த்தமும் உண்டு. தவணைக் கடனில் பாக்கி விழுந்து 90 நாள் கடந்தால் அந்தக் கணக்கு வாராக்கடன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த வாரத்தில் தவணை தவறிய ஒருவர், உங்கள் முதல் மூன்று மாதம் முடிகிறபோது வாராக்கடன் பட்டியலில் இருப்பார், அல்லது தப்பித்திருப்பார். நீங்கள் வருவதற்கு முன் நடந்ததற்கு முந்தைய மேலாளரைக் காட்டலாம். அந்த ஒருவர் மட்டும் முழுக்க உங்கள் கணக்கு. ஆகவே இந்த மடலில் நான் சொல்லும் திட்டத்துக்கு மூன்றே வேலைகள்: பெட்டகத்தில் இருப்பதை எண்ணுவது, கிளையைக் கேட்பது, பாக்கிப் பட்டியலைக் கையில் எடுப்பது. புதுக்கடன், வைப்புத்தொகைத் திரட்டல், இருக்கை மாற்றம் எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டுக் கிளையை வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறு நகரம். உங்களைத் தவிர இரண்டு அதிகாரிகள், மூன்று கிளார்க்குகள், ஓர் அலுவலக உதவியாளர், கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஒரு நகை மதிப்பீட்டாளர், சுற்றுக் கிராமங்களில் இரண்டு வங்கி முகவர்கள். பொறுப்பேற்கும் நாள் ஜூன் 10. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவும் நாற்றும் உரமும் ஒரு பக்கம், பள்ளிக் கட்டணம் இன்னொரு பக்கம். நகைக்கடன் கவுண்டரில் வரிசை வாசல் வரை நிற்கும். ஆண்டிலேயே அதிகப் பரபரப்பான வாரங்களில் ஒன்றில்தான் நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள்.

எண்ணாமல் கையெழுத்து வேண்டாம்

அந்தப் பரபரப்பே முதல் ஆபத்து. முந்தைய மேலாளருக்கு அடுத்த ஊரில் சேர வேண்டிய தேதி நெருங்கியிருக்கும். “எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், நீங்க போட்டுடுங்க” என்று பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டுவார்கள். நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து பெட்டகத்தில் இருக்க வேண்டியது இல்லாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ரொக்கத்தை எண்ணுவதில் யாரும் தவறுவதில்லை. தவறுவது ஏ.டி.எம். பணத்தில். இயந்திரத்துக்குள் உண்மையில் இருக்கும் நோட்டுகளையும் கணினி காட்டும் இருப்பையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் அந்த வரியை ஏற்க வேண்டும். அடுத்தது சாவி. பெட்டகம் இரண்டு பேர் சாவி போட்டால் திறக்கும் ஏற்பாடு. ஒருவர் நீங்கள், இன்னொருவர் காசாளரோ அதிகாரியோ. இரண்டு சாவியும் ஒரே கையில் சில மணி நேரம் இருக்கும் வழக்கம் கிளையில் இருக்கிறதா என்று கவனியுங்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் அது தெரிந்துவிடும். மாற்றுச் சாவித் தொகுப்பு எந்தக் கிளையில் வைக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

அதிக நேரம் எடுக்கும் வேலை நகை. எடுத்துக்காட்டுக் கிளையில் 1,400 நகைக்கடன் பாக்கெட்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒரே நாளில் முடியாது. கவுண்டர் மூடிய பிறகு நாளுக்குச் சில நூறு என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கணக்கு எண்ணோடு ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒப்பிட்டு முடிக்கலாம். அதுவரை ஒப்படைப்புப் பட்டியலில் “சரிபார்ப்புக்கு உட்பட்டது” என்று எழுதி, எண்ணி முடித்த தேதியைப் பிறகு சேருங்கள். அடுத்த படி, சில பாக்கெட்டுகளைப் பிரித்து எடையும் தரமும் பார்ப்பது. இதில் இரண்டு கட்டுப்பாடு. எந்தப் பாக்கெட்டைப் பிரிப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பிடுகிறவர் கிளையின் வழக்கமான மதிப்பீட்டாளராக இருக்கக் கூடாது. மண்டல அலுவலகத்திடம் கேட்டால் வேறு கிளையிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். போலி நகை நுழைந்த கிளைகளில் சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வரும். வேறு வேறு பெயரில் கடன், ஆனால் ஒரே கைபேசி எண். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் கணக்கு, ஒரு முறைகூட நகை மீட்கப்படவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பாக்கெட். முதலில் அவற்றைப் பிரியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மதிப்பீட்டாளருக்கும் அது நல்லது. புதிய மேலாளர் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்ற பேச்சு எழாமல், எல்லாக் கிளையிலும் பொறுப்பேற்பின்போது நடப்பதுதான் இது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டை எண்ணுவதில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, கடனை முழுதும் அடைத்தவருக்கு நகையை அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவருக்கு இழப்பீடு. கல்யாணத்துக்கு நகை மீட்க வருகிறவர் முன்னால் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை ஜூன் மாதத்திலேயே தீர்ந்துவிட வேண்டும்.

கேட்பதற்கும் கணக்கு வையுங்கள்

“முதல் மாதம் எல்லாரையும் கேளுங்கள்” என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருப்பார்கள். யாரிடம், எந்தக் கேள்வி, பதிலை வைத்து என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் அது டீயோடு முடிந்துவிடும். நான் நான்கு இடம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊழியர்கள். ஒவ்வொருவருடனும் தனியாக அரை மணி நேரம், அலுவலக உதவியாளரையும் விடாமல். “ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லீங்க சார்” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேளுங்கள். “நீங்கள் ஒரு வாரம் லீவில் போனால் இங்கே எந்த வேலை நிற்கும்?” என்பது ஒன்று. இதற்கான பதிலில், ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலைகள் எவை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது: “சரியில்லை என்று தெரிந்தும் செய்ய வேண்டியிருக்கிற வேலை எது?” முதல் சந்திப்பில் யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் கூட்டம் அதிகமான நாளில் ஒருவருடைய கணினிக் கடவுச்சொல்லில் இன்னொருவர் வேலை முடிப்பது, வாடிக்கையாளர் கையெழுத்தில்லாமல் வவுச்சர் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது போன்றவை மெல்ல வெளியே வரும். வந்தால் திட்டாதீர்கள். “இனி வேண்டாம், கூட்டம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கவுண்டரில் உட்காருகிறேன்” என்று சொல்லி, அடுத்த கூட்ட நாளில் அப்படியே உட்காருங்கள். இங்கே கேட்பதன் இலக்கு ஒன்றுதான்: முதல் மாதம் முடிவதற்குள், பிறர் அறியாத வேலைகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது இடம் ஹால். தினமும் பத்திலிருந்து பதினொன்று வரை அறைக்கு வெளியே, பாஸ்புக் பிரிண்டர் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவரும் எதற்காக வந்தார், வேலை முடிந்து போனாரா, முடியாமல் போனாரா, ஏன் என்று மட்டும் குறியுங்கள். இரண்டு வாரம் போதும், ஆனால் அதில் 15-ஆம் தேதி வர வேண்டும். மகளிர் உரிமைத்தொகை வரவாகும் நாள் அது. அதை ஒட்டிய நாட்களில் கிளைக்கு வரும் கூட்டமே வேறு. முக்கியமான எண் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் வேலை முடியாமல் திரும்பினார்கள் என்பதே. இந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, கிளைக்கு வராதவர்கள். சுய உதவிக் குழுக்கள் கூடும் இடத்துக்கு நீங்களே போங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் எப்படியும் பேசுவார்கள். மற்ற உறுப்பினர்களையும் பேசவிடுங்கள். “உங்கள் கடன் விண்ணப்பம் எத்தனை தடவை திரும்பி வந்தது, ஒவ்வொரு தடவையும் என்ன காகிதம் கேட்டார்கள்?” என்று கேளுங்கள். ஒரே தடவையில் கேட்க வேண்டிய நான்கு காகிதத்தை நான்கு தடவையாகக் கேட்டது உங்கள் கிளைதான் என்பது அங்கே தெரியும். வங்கி முகவர்களிடம் வேறு கேள்வி: “எந்தத் தெருவில் யார் தவணை கட்ட முடியாமல் திணறுகிறார்?” கணினி 30 நாள் கழித்துச் சொல்வதை அவர்கள் இன்றே சொல்வார்கள்.

வராதவர்களில் இன்னொரு வகை, இறந்துபோன வாடிக்கையாளர்களின் குடும்பம். கணவர் கணக்கில் இருக்கும் மூவாயிரம் ரூபாயைக் கேட்டு ஒரு பெண் வந்தால், கவுண்டரில் வாரிசுச் சான்று, நியமனம் என்று பேச்சு நின்றுவிடும். கணக்கின் அறிக்கையில் மே மாதக் கடைசியைத் திறந்து பாருங்கள். 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அவர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார். குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இறப்பு விபத்தால் என்றால் அதிலும் 2 லட்சம். குடும்பத்துக்கு இது தெரியாது, பிடித்தம் செய்தது நம் கிளை. இறப்பைச் சொல்லி வரும் ஒவ்வொருவருக்கும் அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்வதை முதல் மாதமே வழக்கமாக்கிவிடுங்கள்.

நான்காவது, முந்தைய மேலாளர். ஒப்படைப்பு நாளில் அவரிடம் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார். மூன்றாவது வாரத்தில், கணக்கு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணுங்கள். “இந்த அரிசி ஆலைக்கு ஏன் வரம்பு கூட்டினீர்கள்?” என்று குறிப்பாகக் கேட்டால் அவரும் குறிப்பாகச் சொல்வார்.

இத்தனை பேரைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. முதல் நாள் சால்வையோடு வருகிற ஊர்ப் பெரியவர்களும், கதவைச் சாத்திவிட்டுச் சக ஊழியரைப் பற்றிச் சொல்கிறவர்களும் உங்கள் காதில் முதலில் விழுகிறார்கள் என்பதற்காக அவர்கள் சொல்வதே கிளையின் நிலவரம் ஆகிவிடாது. முதல் மாதத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தேதி மட்டும் கொடுங்கள்: “பார்த்துவிட்டு ஜூலை 10-ஆம் தேதி சொல்கிறேன்.” அந்தத் தேதியில், முடியாது என்பதாக இருந்தாலும், பதில் சொல்லிவிடுங்கள். தேதி தவறினால் அடுத்த முறை கேட்கும்போது யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சியின் 9,000 ரூபாய்

பாக்கிப் பட்டியலை இரண்டாவது வாரத்தில் அச்செடுங்கள். பாக்கி 30 நாள் வரை உள்ளவை எஸ்.எம்.ஏ. 0, 60 நாள் வரை எஸ்.எம்.ஏ. 1, 90 வரை எஸ்.எம்.ஏ. 2 என்பது உங்களுக்குத் தெரியும். பயிர்க்கடனுக்குக் கணக்கு வேறு, குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம். ஆகவே அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் எஸ்.எம்.ஏ. 2-இல் இருந்து தொடங்குவார்கள், மாதக் கடைசி நெருக்குகிறது என்பதால். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு நேரம் இருப்பது எஸ்.எம்.ஏ. 0-இல் இருப்பவர்களிடம்.

ஒரு கணக்கை நாள் நாளாகப் பார்ப்போம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக்கடை. அண்ணாச்சியின் கடன் பாக்கி 4 லட்சம், மாதத் தவணை 9,000, தேதி 5. ஜூன் 5-ஆம் தேதித் தவணை விழவில்லை. நீங்கள் வந்தது 10-ஆம் தேதி. இப்படியே விட்டால் ஜூலை 5-இல் எஸ்.எம்.ஏ. 1, ஆகஸ்ட் 4-இல் எஸ்.எம்.ஏ. 2, செப்டம்பர் 3-இல் வாராக்கடன். கணினி தினமும் இரவுக் கணக்கில் தானே இதைக் குறித்துவிடும்; யாரையும் கேட்காது.

இப்போது இரண்டு நிலைமை. ஜூலை 20-ஆம் தேதி அவர் ஒரே ஒரு தவணை, 9,000 ரூபாய், கட்டுகிறார். வழக்கமாக அது மிகப் பழைய பாக்கிக்கு வரவாகும். ஜூன் பாக்கி தீர்ந்து, மிகப் பழையது ஜூலை 5 ஆகிறது. கெடு அக்டோபர் 3-க்குத் தள்ளிப்போகிறது. ஒரு தவணை, ஒரு மாத மூச்சு. மாறாக, செப்டம்பர் 3 தாண்டிவிட்டால் ஒரு தவணை கட்டிப் பயனில்லை. வாராக்கடனான கணக்கை மீண்டும் நல்ல கணக்காக மாற்ற, பாக்கி முழுவதும் தீர வேண்டும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. செப்டம்பர் 3 அன்று 27,000. அந்த மாதத் தவணையும் சேர்ந்தபின் 36,000, வட்டி தனி. ஜூலையில் 9,000 திரட்ட முடியாத மனிதர் செப்டம்பரில் 36,000 எங்கே போய்த் திரட்டுவார்? அதோடு அவர் பேரில் நம்மிடம் உள்ள மற்றக் கடன்களும் சேர்ந்தே வாராக்கடனாகும், ஏனென்றால் வகைப்படுத்துவது கணக்கை வைத்து இல்லை, கடன்தாரரை வைத்து.

வங்கிப் பக்கக் கணக்கையும் பாருங்கள். நல்ல கணக்காக இருக்கும்வரை இந்த 4 லட்சத்துக்கு இன்றைய விதிப்படி 0.25 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். வாராக்கடனானதும் பிணையுள்ள கடனுக்கே 15 சதவீதம், 60,000 ரூபாய். லாபத்தில் எடுத்திருந்த, இன்னும் வசூலாகாத வட்டியையும் திருப்ப வேண்டும்.

ஆகவே ஜூன் மூன்றாவது வாரத்தில் கடைக்குப் போங்கள். பாக்கி கேட்கப் போகிறவரைப்போல இல்லாமல், காலை பதினோரு மணிக்கு, வியாபாரம் நடக்கும்போது போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை எந்த வங்கிக் கணக்கோடு இணைந்தது என்று பாருங்கள். பல நேரம் அது வேறு வங்கிக் கணக்காக இருக்கும். அன்றாட வரவு அங்கே சேர்ந்துகொண்டிருக்க, நம் கணக்கு 5-ஆம் தேதி காலியாக இருக்கும். தினமும் சாயங்காலம் தண்டல்காரர் வந்து பணம் வாங்கிப் போகிறாரா என்றும் கேளுங்கள். கிராமத்துக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம் என்றால் க்யூ.ஆர். அட்டையை நம் கணக்குக்கு மாற்றினாலே தவணை தானாக விழும். இரண்டாவது காரணம் என்றால் அவருக்கு மாதம் ஒரு முறை 9,000 சேர்ப்பது கடினம். வாரத்துக்கு 2,250 என்றால் முடியும். வங்கி முகவரை வாரச் சந்தை நாளில் கடைக்கு அனுப்புங்கள், நான்கு வாரத்தில் தவணை சேர்ந்துவிடும். மூன்றாவது காரணம்தான் கடினம். வரவே பருவத்தை நம்பியிருக்கிறது என்றால் தவணை அமைப்பே அவருக்குப் பொருந்தவில்லை. அதை முறைப்படி மாற்றியமைக்க முடியுமா என்று ஆவணங்களோடு மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். மறுசீரமைப்புக்கென்று தனி விதிகள் உண்டு, நீங்களாகத் தேதியைத் தள்ள முடியாது.

செய்யக் கூடாத ஒன்றை யாராவது கிளைக்குள்ளேயே யோசனை சொல்வார்கள்: “அவர் மனைவி பேரில் ஒரு சின்னக் கடன் போட்டு இதைச் சரிபண்ணிடலாம் சார்.” காலாண்டுக் கடைசியில் எண்கள் அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் இரண்டு வாராக்கடன் இருக்கும். உங்களுக்கு முன்பு இங்கே அது நடந்திருக்கிறதா என்பதையும் கண்டுபிடிக்கலாம். மார்ச் 29, 30, 31 தேதிகளில் பாக்கி தீர்ந்த கணக்குகளைப் பட்டியலிடுங்கள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றிலும் பின்னோக்கிப் போங்கள். அதே நாளில் அதே குடும்பத்தில் புதுக்கடன் பட்டுவாடா ஆகியிருந்தால், அல்லது வந்த பணம் ஏப்ரல் முதல் வாரமே வெளியே போயிருந்தால், அந்தக் கணக்கு நல்ல கணக்கு இல்லை. எழுத்தில் மண்டல அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் சொன்னால் நீங்கள் கண்டுபிடித்தது. ஓராண்டு கழித்து ஆய்வாளர் சொன்னால் நீங்கள் மறைத்தது.

ஒரே ஒரு மாற்றம்

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் அந்த நோட்டுக்கு வாருங்கள். 300 பேரைக் குறித்தீர்கள், அதில் 90 பேர் வேலை முடியாமல் திரும்பினார்கள் என்று கொள்வோம். காரணங்களைத் தொகுத்தால் பத்து வகை வராது, மூன்று நான்குதான் வரும். பிரிண்டர் வேலை செய்யவில்லை, கே.ஒய்.சி. காலாவதியாகிக் கணக்கு முடங்கியிருக்கிறது, காகிதம் கொண்டுவரவில்லை, சம்பந்தப்பட்டவர் இருக்கையில் இல்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவதும், மண்டல அலுவலக அனுமதி இல்லாமல் நீங்களே சரிசெய்யக் கூடியதுமான ஒன்று. கே.ஒய்.சி. முடக்கம் என்றே வைத்துக்கொள்வோம். வருகிறவர் பெரும்பாலும் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி, அல்லது உரிமைத்தொகை வந்ததா என்று பார்க்க வந்த அம்மா. “ஆதார் நகல் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்கம்மா” என்கிறோம். நாளைக்கு வந்தால் போட்டோ கேட்கிறோம். பஸ் செலவு இரண்டு தடவை, அரை நாள் கூலி இரண்டு தடவை. தீர்வு பெரிதில்லை. ஹாலில் ஒரு மேசை. 14 முதல் 20-ஆம் தேதி வரை காலை இரண்டு மணி நேரம் ஒரு வங்கி முகவர் அங்கே உட்காருவார். நகல் அங்கேயே எடுக்கப்படும், படிவம் அவரே நிரப்பித் தருவார், மதியத்துக்குள் கிளார்க் கணினியில் ஏற்றுவார். தேவையான காகிதங்கள் எவை என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டு, மீண்டும் வர வேண்டியவர் கையில் கொடுப்பதற்கு.

ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று அதே மாதிரி மறுபடி குறியுங்கள். திரும்பிப் போகிறவர்கள் குறையவில்லை என்றால் நீங்கள் எடுத்த காரணம் தவறு, அல்லது மதியத்துக்குள் ஏற்றுவது நடக்கவில்லை. ஏற்றப்படாத படிவங்கள் எந்த மேசையில் அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள், விடை அங்கே இருக்கும். குறைந்திருந்தால் எண்ணை ஊழியர் கூட்டத்தில் சொல்லுங்கள், இரண்டாவது காரணத்தை எடுங்கள்.

ஊழியர்களின் இருக்கைகளை இந்தக் காலத்தில் மாற்ற வேண்டாம். யார் எந்த வேலையில் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு உடல்நிலை, வீட்டுச் சூழல், பழைய சண்டை என்று வெளியே தெரியாத காரணம் இருக்கும். அதற்கு விலக்கு ஒன்று: பெட்டகச் சாவியும் நகைக்கடன் ஒப்புதலும் ஒரே ஆளிடம் ஆண்டுக்கணக்காக இருந்தால், முதல் வாரமே மாற்றுங்கள்.

மண்டல அலுவலகத்திடம் பேசுவது

உங்களுக்கு டார்கெட் முதல் வாரமே வந்துவிடும். வைப்புத்தொகை இவ்வளவு, கடன் இவ்வளவு, காப்பீடு இவ்வளவு. முதல் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் “செய்கிறேன் சார்” என்று சொல்லிவிடும் ஆசை வரும். தெரியாத ஊரில் ஜூலையிலேயே புதுக்கடன் வேகமாகப் போகும் கிளைகளில் கடன் கேட்டு முதலில் வருகிறவர்கள், பக்கத்து வங்கிகளில் கிடைக்காதவர்கள். புதிய மேலாளர் வந்த செய்தி ஊரில் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அதற்குப் பதில் ஜூலை 10 அளவில் மண்டல மேலாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எண்ணி முடித்தது எது, முடியாதது எது. பாக்கிப் பட்டியலில் எத்தனை பேரை நேரில் பார்த்தாயிற்று, அவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள், எத்தனை பேர் தேறமாட்டார்கள் என்று பெயர் பெயராக. உங்களால் தீர்க்க முடியாத ஒன்று, அவரிடம் கேட்கும் உதவி ஒன்று. மோசமான கணக்குகளை இப்போதே சொல்வதால் திட்டு விழும். செப்டம்பர் காலாண்டு முடிவில் சொல்லாமல் வெளிப்பட்டால் விழுவது திட்டாக இருக்காது.

மூன்றாவது மாதத்தில்தான் புதுக்கடன். இதற்குள் எந்தத் தெருவில் யார் நாணயமாகக் கட்டுகிறார் என்று முகவர்களும் குழுப் பெண்களும் சொல்லியிருப்பார்கள். எந்தக் குழுவின் விண்ணப்பம் காகிதக் குறையால் மட்டும் திரும்பியது என்று தெரியும். உங்கள் கடன் வளர்ச்சியை அங்கே தொடங்குங்கள். சம்பாவுக்கான பயிர்க்கடன் புதுப்பித்தலும் அந்த மாதங்களில்தான் வரும்.

செப்டம்பர் 8-ஆம் தேதி உங்கள் தொண்ணூறாவது நாள். அன்று மண்டல மேலாளர் போனில் கேட்டால், காகிதத்தைப் பார்க்காமல் நான்கு கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்: பெட்டகத்தில் பாக்கெட் எத்தனை, கணினியில் எத்தனை. ஜூன் 10 அன்று எஸ்.எம்.ஏ. 0-இல் இருந்தவர்களில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள். ஹாலில் வேலை முடியாமல் திரும்புகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர். நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் கிளையில் எந்த வேலை நிற்கும். இந்த நான்குக்கும் விடை இருக்கிறவர், மார்ச் வரைக்குமான டார்கெட்டை எங்கே கூட்டலாம், எங்கே குறைக்க வேண்டும் என்று அவரிடம் பேரம் பேசலாம். விடை இல்லாதவர் கொடுத்த எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்புடன்,
பணி ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி